விடைக்குறிப்புக்கு வக்காலத்து வாங்கிய மருமகள்

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஆனால் இந்த ஊரில் ஓடுகிற பெரிய பம்புகளில் பாதி என் கைபட்டவை. ஒற்றை ஸ்பானரோடு ஆரம்பித்த பட்டறையில் இன்று கடைசல் இயந்திரம் இருக்கிறது, பாரம் தூக்கும் சங்கிலி இருக்கிறது, சோதனைத் தொட்டி இருக்கிறது, ஆம்பியர் மீட்டர் பதித்த ஸ்விட்ச் பலகை இருக்கிறது. என்னைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. சரி, என் மருமகளைப் பற்றி நானே எழுதிவிடுகிறேன். அவளைப் பற்றி எழுதினால் நானும் நடுவில் வந்துதானே ஆக வேண்டும்.

வீட்டில் அவளுக்கு ‘அதெப்படி’ என்று பெயர். எதைச் சொன்னாலும் முதலில் அந்த வார்த்தைதான் வரும். மழை வரும்போல இருக்கிறது என்றால்கூட “அதெப்படி?” என்பாள். அவள் எங்கள் வீட்டுக்குள் வந்ததே அப்படித்தான். டிப்ளமா படித்துவிட்டு ஒரு துணி ஆலையில் பராமரிப்பு வேலையில் இருந்தபோது, நாங்கள் சரிசெய்து அனுப்பிய பம்பைத் தள்ளுவண்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள்.

“பேரிங் புதுசுன்னு சொன்னீங்களாமே? கையால சுத்தினாலே கரகரங்குது. அதெப்படி?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் பெரியவன் பம்பைப் பிரித்துக் காட்டினான். பேரிங் புதிதுதான். உள்ளே ஒரு ஆணி மாட்டியிருந்தது. அந்த ஆணி எப்படி உள்ளே போயிற்று என்று இரண்டு பேரும் தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கல்யாணச் செலவு வந்துவிட்டதென்று.

அவளுக்கு ஒரே ஆசை. குடிநீர் வாரியத்தில் நீரேற்று நிலைய மேற்பார்வையாளர் வேலை. குழந்தை பிறந்து, அது நடந்து, ஓடி, பள்ளிக்குப் போகும்வரை அந்த ஆசையை மடித்து வைத்திருந்தாள். பிறகு எடுத்தாள். ஒருமுறை எழுதினாள், தவறியது. மறுமுறை எழுதினாள், அதுவும் தவறியது. இந்த முறைதான் கடைசி. அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். அதனால் எங்கள் வீட்டில் அந்தத் தேர்வு ஒரு ஆளைப்போல நடமாடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் அதற்கும் ஒரு நாற்காலி போடாததுதான் குறை.

தேர்வு முடிந்து, தற்காலிக விடைக்குறிப்பு இணையத்தில் வந்த காலை, பட்டறையில் ஒரு வேலையும் நடக்கவில்லை. பிள்ளைகள் பாஷையில் விடைக்குறிப்புக்கு ‘கீ’ என்று பெயர். அவள் தன் விடைத்தாளின் நகலை எடுத்து வருவதற்குள், நான் கைப்பேசியில் கீயைத் திறந்துவிட்டேன். இந்த மாதிரிக் காரியங்களில் எனக்கு வேகம் அதிகம். நான் கீயைப் படிக்க, பெரியவன் நகலைப் பார்த்து “சரி”, “தப்பு” என்று சொன்னான்.

தப்பு. தப்பு. சரி. தப்பு. தப்பு. தப்பு.

என் மனைவி கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தாள். “என்னங்க இது, கண்ண மூடிட்டுக் குத்துனாக்கூட இதவிட அதிகமா வருமே!”

மருமகளின் முகம் வெளுத்துவிட்டது. பெரியவன் அவள் தோளைத் தொட்டான். வீடே இழவு வீடானது. நான் தேர்வு வாரியத்தைத் திட்ட ஆரம்பித்தேன். திட்டுவதற்கு எனக்குப் படிப்பு தேவைப்பட்டதே இல்லை.

திடீரென்று அவள் என் கைப்பேசியைப் பிடுங்கினாள். “மாமா, இது ‘ஏ’ வரிசைக் கீ. என் வினாத்தாள் ‘சி’ வரிசை.”

“எல்லாம் ஒரே கேள்விதானம்மா?”

“ஒரே கேள்விதான். ஆனா ஒவ்வொரு வரிசையிலயும் வேற வேற இடத்துல கலைச்சுப் போட்டிருப்பாங்க. பக்கத்து வீட்டுச் சாவியப் போட்டுட்டு நம்ம வீட்டுப் பூட்டு கெட்டுப்போச்சுன்னு அழுதிருக்கோம்!”

அழுதுகொண்டிருந்த வீடு அப்படியே சிரிப்பில் புரண்டது. என் மனைவி சிரித்துச் சிரித்து மாவுக் கையோடு கண்ணைத் துடைத்து, பிறகு உண்மையிலேயே அழுதாள். இப்போது ‘சி’ வரிசைக் கீயை வைத்து முதலிலிருந்து பார்த்தோம். சரி, சரி, சரி என்று மழை. முடிவில் கூட்டிப் பார்த்தால், தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு ஒன்றே ஒன்று குறைவு.

ஒன்று!

இந்த ஒன்றைத்தான் வாழ்க்கையில் நான் அதிகம் வெறுத்திருக்கிறேன். ஒரு நட்டு குறைந்தால் பம்பே நிற்கும்.

ஆட்சேபணை செய்ய வாரியம் மூன்று நாள் தந்திருந்தது. கீயில் எந்த விடை தப்பு என்று நினைக்கிறோமோ அதற்கு ஆதாரத்தோடு எழுத வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால் கீ மாறும்.

“அவ்வளவுதான? தப்புன்னு போட்டிருக்குறது எல்லாத்தையும் எதிர்த்து எழுது. ஒண்ணு தேறாதா?” என்றேன்.

“அதெப்படி மாமா? நான் தப்பாப் போட்டதுக்கெல்லாம் கீ எப்படி தப்பாகும்?”

“போட்டுப் பாக்குறதுதான். குருவி உக்காரப் பனம்பழம் விழாதா?”

“விழும். நூறு தடவ உக்காந்தா குருவிக்கு இடுப்பு ஒடியும்.”

அன்று மதியம் அவள் பயிற்சி மையத்துக்குப் போனாள். நானும் கூடவே போனேன். இப்படிப்பட்ட இடங்களில் பெரிய மனிதர் ஒருவர் கூட இருப்பது நல்லது. மாடியில் ஒரே இரைச்சல். பயிற்சி ஆசிரியர் பலகையில் கேள்வி எண்களை வரிசையாக எழுதிவைத்து, எல்லாரும் இந்த ஐந்தையும் எதிர்த்து எழுதுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த ஐந்திலும் அவருடைய கையேட்டில் இருந்த விடை வேறு, கீயில் இருந்தது வேறு. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கைதட்டல் என்றால் என் கைகள் என் பேச்சைக் கேட்காது.

மருமகள் மட்டும் எழுந்து நின்றாள். “சார், உங்க கையேடும் கடையில விக்கிற மத்த மூணு கையேடும் ஒரே விடைதான் சொல்லுது. ஆனா எழுத்துப் பிழைகூட நாலுலயும் ஒண்ணா இருக்கு. ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதியிருந்தா நாலு சாட்சி இல்ல சார், ஒரே சாட்சி. பாடத்திட்டத்துல சொன்ன புத்தகத்துல என்ன இருக்குன்னு பாத்தீங்களா?”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாத்தேன்... பாக்கணும். நீ பாத்துச் சொல்லும்மா, அழிச்சிடறேன்.” நல்ல மனிதர். பிறகு அவரே இரண்டை அழித்தார், புத்தகத்தைப் பார்த்துவிட்டு.

திரும்பும் வழியில் கேட்டேன். “அவ்வளவு பேர் சேந்து சொல்றாங்க. நீ மட்டும் எதிர்க்கட்சியா?”

“நான் எதிர்க்கட்சி இல்ல மாமா. கீயோட வக்கீல். ஒவ்வொரு கேள்விக்கும் முதல்ல கீ சரின்னு வச்சு, அதுக்காக வாதாடிப் பாக்கப்போறேன். என்னால முடிஞ்சவரைக்கும். வாதாட ஒரு வழியும் இல்லாம நான் தோத்துட்டேன்னாத்தான், கீ தப்பு.”

இதை நான் அப்போதே ரசித்தேன் என்று எழுதினால் பொய்யாகும். பைத்தியக்காரத்தனமாக இருந்தது. சொந்த வீட்டுப் பெண்ணே எதிராளிக்கு வக்காலத்து வாங்குகிறாளே!

பட்டறையில் மேசையைத் துடைத்துவிட்டு நீதிமன்றம் கூடியது. அவள் வக்கீல். பெரியவன் கேள்வியைப் படிப்பவன். நீதிபதி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்குச் சந்தேகமாக இருந்தவை மூன்று கேள்விகள்தான். முதலாவது குதிரைத்திறன். அவள் 746 வாட் என்று போட்டிருந்தாள், கீயில் 735.5.

நான் குதித்துவிட்டேன். “இந்தப் பட்டறையில இருக்குற மோட்டார் தகடு ஒவ்வொண்ணா வந்து பாரு! ஒரு குதிரைத்திறன்னா எழுநூத்து நாப்பத்தாறு! சின்னக் குழந்தையக் கேளு!”

பேரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனும் எழுநூற்று நாற்பத்தாறு என்றான். நான் வளர்த்த பிள்ளை.

மருமகள் வினாத்தாளை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. “ஒரு *மெட்ரிக்* குதிரைத்திறன்... மெட்ரிக்! மாமா, நம்மளோடது வேற குதிரை. மெட்ரிக் குதிரை கொஞ்சம் இளைச்சது. எழுநூத்து முப்பத்தஞ்சரைதான். தேர்வு அறையில அந்த வார்த்தைய முழுங்கிட்டேன்.” தலையில் அடித்துக்கொண்டாள். “கீ சரி. நான்தான் தப்பு. வக்கீல் ஜெயிச்சாச்சு.”

பெரியவன் கைதட்டினான். “உன்னத் தோக்கடிச்சு நீயே ஜெயிக்கிறியேம்மா!”

இரண்டாவது கேள்வி என் மானப் பிரச்சினை. மையவிலக்கு பம்பை ஓட்டத் தொடங்கும்போது வெளியேற்றும் குழாயின் வால்வு எப்படி இருக்க வேண்டும்? அவள் ‘முழுவதும் திறந்து’ என்று போட்டிருந்தாள். கீயில் ‘மூடி’.

“எதுக்கும்மா திறந்துன்னு போட்ட?” என்றான் பெரியவன்.

அவள் என்னைப் பார்த்தாள். “இங்க அப்படித்தான பண்றோம்.”

ஆமாம், அப்படித்தான் பண்ணுகிறோம். என் வாழ்நாள் முழுக்க வால்வைத் திறந்துவைத்துத்தான் ஸ்விட்சைத் தட்டியிருக்கிறேன். தண்ணீர் போவதற்குத்தானே பம்பு? வழியை அடைத்துவிட்டு ஓட்டுவது என்ன வழக்கம்? கல்யாணத்துக்கு அழைத்துவிட்டுக் கதவைச் சாத்துவதா?

“இது தப்பு! எழுது! என் பேரப் போட்டு எழுது! என் அனுபவம்தான் ஆதாரம்!”

“அனுபவத்த எப்படி மாமா ஸ்கேன் பண்ணி அனுப்புறது?” என்றவள் பாடப்புத்தகத்தைப் பிரித்தாள். வால்வை மூடித் தொடங்க வேண்டும் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. தண்ணீர் ஓடாதபோது இந்த வகைப் பம்பு இழுக்கும் சக்தி குறைவு. ஓட்டம் கூடக் கூட இழுப்பும் கூடும். அதனால் மூடித் தொடங்கினால் மோட்டாருக்குச் சுமை குறைவு. பிறகு மெல்லத் திறக்க வேண்டும்.

“அச்சடிச்சவன் பட்டறைக்கு வந்து பாத்தானா?”

“அவர் வரலன்னா என்ன மாமா? நாம பாப்போம். தொட்டி இருக்கு, மீட்டர் இருக்கு.”

என் பட்டறையிலேயே என் பம்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். பழுதுபார்க்க வந்திருந்த பெரிய பம்பைச் சோதனைத் தொட்டியில் மாட்டி, தண்ணீர் நிரப்பிக் காற்றை எடுத்தோம். முதலில் என் முறை. வால்வைத் திறந்து ஸ்விட்சைப் போட்டேன். ஆம்பியர் மீட்டரின் முள் எகிறிப் பாய்ந்து, கொஞ்சம் இறங்கி, மேலேயே உட்கார்ந்தது. நிறுத்தினோம். அடுத்து அவள் முறை. வால்வை மூடினாள், போட்டாள். முள் அதேபோல எகிறியது.

“பாத்தியா! பாத்தியா! ரெண்டும் ஒண்ணுதான்!” என்று நான் ஆடினேன்.

“இருங்க மாமா. கிளம்புற நேரத்துல எல்லா மோட்டாரும் துள்ளும். எங்க போய் உக்காருதுன்னு பாருங்க.”

முள் சடாரென்று கீழே வந்து, என் முறையில் நின்ற இடத்தைவிட நன்றாகவே தாழ்ந்து நின்றது. அவள் வால்வை மெல்லத் திறக்கத் திறக்க, முள் மேலே ஏறிக்கொண்டே போனது. திருகு ஒன்று, முள் ஒரு படி. திருகு இன்னொன்று, இன்னொரு படி. பேரன் “தாத்தா தோத்தாரு, தாத்தா தோத்தாரு” என்று பாட்டுப் பாடினான். சற்று முன்பு நான் வளர்த்த பிள்ளை என்று எழுதினேனா? அவன் அவளுடைய பிள்ளை.

வால்வு முழுவதும் திறந்ததும் ரப்பர் குழாயின் கவ்வி கழன்றுகொண்டது. குழாய் யானைத் தும்பிக்கையாகக் கூரைக்கும் தரைக்கும் ஆடி, நீதிபதியையும் வக்கீலையும் சாட்சி சொன்ன பேரனையும் ஒரே முழுக்கில் குளிப்பாட்டியது. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்ற பெரியவன் நிறுத்துவதற்குள், டீ கொண்டுவந்த என் மனைவியின் டம்ளர்கள் வழிய வழிய நிறைந்துவிட்டன.

“டீயில தண்ணி ஜாஸ்தின்னு யாராச்சும் சொல்லுங்க, பாத்துக்கறேன்” என்றாள் அவள், சொட்டச் சொட்ட.

சின்னப் பம்புகளில் திறந்து தொடங்கினாலும் மோட்டார் தாங்கிக்கொள்ளும், அதனால் நான் செய்தது ஓடியது, ஆனால் கேள்வி எது சரியான முறை என்றுதான் கேட்கிறது என்று மருமகள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். நான் பெருந்தன்மையோடு அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டேன். ஆனால் சிரிப்பு அடங்கியபோது அவள் குரல் தாழ்ந்திருந்தது.

“ரெண்டும் போச்சு. இன்னும் ஒண்ணுதான்.”

மூன்றாவது கேள்வி தொட்டிக் கணக்கு. ஒரு பம்பு காலித் தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும். ஒரு வடிகால் குழாய் நிறைந்த தொட்டியை எட்டு மணி நேரத்தில் காலியாக்கும். இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் காலித் தொட்டி எவ்வளவு நேரத்தில் நிறையும்? அவள் இருபத்துநான்கு மணி நேரம் என்று போட்டிருந்தாள். கீயில் மூன்று முழு, ஏழில் மூன்று மணி நேரம்.

“இத நான் சந்தேகப்படவே பயந்தேன். இவ்வளவு சுலபமான கணக்குல கீ தப்பா இருக்குமா? நான்தான் எங்கயோ கோட்ட விட்டிருப்பேன்னு நினைச்சேன்” என்றாள்.

“வாதாடு,” என்றான் பெரியவன். “கீயோட வக்கீல்தான நீ.”

வாதாடினாள். ‘சி’ வரிசையில் மட்டும் எண் மாறி அச்சாகியிருக்குமோ என்று, ‘ஏ’ வரிசை எழுதிய தோழியிடம் கைப்பேசியில் கேட்டாள். அதிலும் கீ அதே மூன்று சொச்சத்தைத்தான் காட்டியது. கேள்வியில் வடிகால் என்று இருப்பது வினாத்தாளின் ஆங்கில வடிவத்தில் நிரப்பும் குழாய் என்று இருக்கிறதோ என்று பார்த்தாள். இரண்டு மொழியிலும் காலியாக்கும் என்றே இருந்தது. தொட்டி பாதி நிறைந்திருந்தது என்று எங்காவது இருக்கிறதா? இல்லை, காலித் தொட்டி. தன் விடையைப் பார்க்காமல் வேறு தாளில், வேறு வழியில் போட்டாள். இருபத்துநான்கு மணி நேரத்தில் பம்பு நான்கு தொட்டித் தண்ணீர் கொண்டுவரும். அதே நேரத்தில் வடிகால் மூன்று தொட்டியை வெளியேற்றும். மிச்சம் ஒரு தொட்டி. நிறைந்தது.

“சரி, கீ சொல்ற மூணு மணி சொச்சத்த வச்சுப் பாப்போம்...” என்றவள் பேனாவை நிறுத்தினாள்.

அந்த இடத்தில் நான்தான் கத்தினேன். இதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். “அட, ஓட்ட இல்லாமலே ஆறு மணி நேரம் ஆகும்ங்கிறான்! ஓட்டயத் திறந்துவிட்டா மூணு மணி நேரத்துல நிறையுமா? ஓட்டயே தண்ணி ஊத்துமா?”

பட்டறை அதிர்ந்தது. மருமகள் நாற்காலியில் ஏறிவிட்டாள். “மாமா! மாமா! அதுதான்! கூட்டிட்டாங்க! ஆறுல ஒண்ணையும் எட்டுல ஒண்ணையும் கழிக்காம கூட்டிட்டாங்க! கூட்டினா சரியா அந்த விடைதான் வருது, பாருங்க!” தாளைக் காட்டினாள். கீ எந்த வழியில் தடுக்கி விழுந்தது என்பது காலடித் தடம்போலத் தெரிந்தது. “வக்கீல் தோத்துட்டேன்! முழுசாத் தோத்துட்டேன்!”

தோற்றதற்காக இப்படி ஆடிய வக்கீலை நான் பார்த்ததில்லை. பெரியவன் அவளை நாற்காலியோடு தூக்கிச் சுற்றினான். அவன் முதுகு பிடித்துக்கொண்டது தனிக்கதை.

அப்போதும் அவள் உடனே அனுப்பவில்லை. கீ சரி என்று மதிப்பெண் தந்திருந்த தன் மற்ற விடைகளையும் உட்கார்ந்து சரிபார்த்தாள். “நமக்குச் சாதகமா ஒரு தப்பு இருந்தா, அத வேற யாராவது எதிர்த்து எழுதுவாங்க. இங்க ஒண்ணு ஏறி அங்க ஒண்ணு இறங்கினா மறுபடியும் அதே இடம்தான்.” ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சுவிட்டாள்.

ஆட்சேபணையை நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். ‘பெருமதிப்பிற்குரிய ஐயா, அரை நூற்றாண்டாக நீரேற்றுத் துறையில் கொடிகட்டிப் பறக்கும் என் மாமனாரின்...’ என்று அருமையாக ஆரம்பித்தேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு நான்கே வரி எழுதினாள். கேள்வி எண், வரிசை. சரியான கணக்கு. கீயின் விடை, வடிகால் இல்லாமல் ஆகும் நேரத்தைவிடக் குறைவாக இருப்பதால் பொருந்தாது என்ற குறிப்பு. இதே மாதிரிக் கணக்கு உள்ள பாடப்புத்தகப் பக்கம். அந்த ஓட்டை வாதம் என்னுடையது. பெயர்தான் போடவில்லை.

இறுதி விடைக்குறிப்பு வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வந்த அன்று, பட்டறையில் எல்லாரும் ஒரே கைப்பேசியின் மேல் கவிழ்ந்தோம். இந்த முறை ‘சி’ வரிசைதானா என்று என் மனைவியே மூன்று தடவை கேட்டாள்.

மருமகள் விரலைக் கீழே இறக்கிக்கொண்டே போனாள். தொட்டிக் கணக்கு. இருபத்துநான்கு.

கத்தல் கேட்டு எதிர்க்கடை வெல்டர் தீயணைப்பு வாளியோடு ஓடி வந்தார். என் மனைவி மருமகளைக் கட்டிப்பிடித்து, பெரியவன் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்து, பேரன் மூன்று பேரின் காலையும் கட்டிப்பிடித்து, அந்த மொத்த மூட்டையும் சோதனைத் தொட்டியில் விழப் பார்த்தது. வெல்டர் என்ன விஷயம் என்று தெரியாமலே ஆடினார்.

நான் மட்டும் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன மாமா தேடுறீங்க?” என்றாள் மருமகள், மூச்சு வாங்க.

“வால்வுக் கேள்வி. மாத்துவாங்களோன்னு பாத்தேன். மூடின்னே வச்சிருக்கானுங்க.”

அவள் இப்போது நீரேற்று நிலையத்தில் மேற்பார்வையாளர். சீருடையில் பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றும், நான் நிற்பதில்லை. என் பட்டறையில் இப்போதெல்லாம் பெரிய பம்புகளை வால்வை மூடித்தான் தொடங்குகிறோம். போன வாரம் ஒரு வாடிக்கையாளர் அதிசயமாகப் பார்த்து, ஏன் இப்படி என்று கேட்டார். மோட்டாருக்குச் சுமை குறையும் என்று விளக்கி, மீட்டரையும் காட்டினேன். யார் கண்டுபிடித்த முறை என்று கேட்டார்.

இந்தப் பட்டறை முறை என்று சொன்னேன். அவள் அப்போது ஊரில் இல்லை.